வெயில் கொளுத்துது, ஆனா கரண்ட் போனா சோலாரும் நின்னுடுது. வழி இருக்கா?

உச்சிப்புளி செல்வி
செவ்வாய், இரவு 8:50

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் மானியத்துல 3 கிலோவாட் சோலார் போட்டோம். 540 வாட் பேனல் ஆறு, மொட்டை மாடியில. பில் நல்லாவே குறைஞ்சிருக்கு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

இன்னைக்கு மாதாந்திரப் பராமரிப்புன்னு காலை 9 மணிக்கு கரண்ட்டை நிறுத்தினாங்க. சாயங்காலம் 4 மணிக்குத்தான் வந்துச்சு. அந்த ஏழு மணி நேரமும் வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை. மாடியில காலை வைக்க முடியல, அவ்வளவு வெயில். இன்வெர்ட்டர் மட்டும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கிட்டு `NO-Grid`னு காட்டிட்டு நிக்குது. மாமியாரோட இன்சுலின் ஃபிரிட்ஜ்ல இருக்கு. கடைசியில ஐஸ் பெட்டிக்குத்தான் ஓடினோம்.

மாட்டிக் கொடுத்தவரைக் கேட்டா "அது அப்படித்தான் மேடம்"னு சொல்றார். "இனிமே கரண்ட் கட்டுங்கிற பேச்சே இல்லை"ன்னு சொல்லி வித்தவரும் அவர்தான்.

ஏன் நிக்குது? ஃபிரிட்ஜ், ரெண்டு ஃபேன், நாலு லைட், வைஃபை, முடிஞ்சா தண்ணி மோட்டார், இதை மட்டும் ஓட்ட என்ன செய்யணும்? பழைய வீட்டு இன்வெர்ட்டர் ஒண்ணு (900 விஏ, சைன் வேவ்) 150 ஏஹெச் பேட்டரியோட இருக்கு. சோலார் வந்தாச்சே இனி எதுக்குன்னு கழட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டோம்.

பாம்பன் காத்து
செவ்வாய், இரவு 9:05

ரொம்ப சிம்பிள் அக்கா. சோலார் இன்வெர்ட்டர், லைன்ல ஈபி கரண்ட் இருக்கான்னு பார்க்கும். இல்லைன்னா நின்னுக்கும். லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க, அவ்வளவுதான் விஷயம்.

நீங்க ஈபி மெயினை ஆஃப் பண்ணிடுங்க. அந்தப் பழைய இன்வெர்ட்டர் அவுட்புட்டை சோலார் லைன்ல கொடுங்க. ஈபி வந்துடுச்சுன்னு நினைச்சு சோலார் ஓட ஆரம்பிச்சுடும். ஒருத்தர் வீடியோவே போட்டிருக்கார். செலவு பத்து பைசா இல்லை.

ஓய்வுபெற்ற லைன்மேன்
செவ்வாய், இரவு 9:40

தம்பி, மெயினை ஆஃப் பண்ண மறந்த அன்னைக்கு என்ன ஆகும்னு அந்த வீடியோவுல சொன்னாங்களா?

டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக்கி உங்க தெருவுக்கு அனுப்புது. அதுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு தெரியாது. வீட்டுப் பக்கத்துல இருந்து கரண்ட் ஏறினா, மேல ஹெச்டி கம்பியில அது ஆயிரக்கணக்கான வோல்ட்டா நிக்கும். நாங்க லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்துட்டு, டிஸ்சார்ஜ் ராடு போட்டு எர்த் பண்ணிட்டுத்தான் கம்பத்துல ஏறணும். ஏறுவோம். ஆனா புயலுக்கு மறுநாள், இருட்டுல, பத்து கம்பம் சாய்ஞ்சு கிடக்கும்போது எல்லாரும் எல்லா இடத்துலயும் ராடு போட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நான் வேலையில இருந்தப்ப ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் இப்படித் திரும்பி ஏறி, எங்க ஆள் ஒருத்தர் கையில தழும்போட தப்பிச்சார். அது சோலார் இல்லை. ஆனாலும் கதை ஒண்ணுதான்.

லைன் செத்ததும் 2 செகண்டுக்குள்ள சோலார் விலகணும்னு மத்திய மின்சார ஆணையத்தோட 2013 விதியே இருக்கு. கரண்ட் திரும்பி வந்தாலும் 60 செகண்ட் சீரா நின்னதுக்கு அப்புறம்தான் சேரணும். உங்க வீட்லயும் கரண்ட் வந்து ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் பச்சை விளக்கு வரும், பாருங்க.

மண்டபம் முகாம்
செவ்வாய், இரவு 10:15

எனக்கும் இதே பிரச்சனைதாங்க. தினமும் பன்னிரண்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் சோலார் நின்னு நின்னு வருது. ஆனா வீட்ல கரண்ட் இருக்கு. ஃபேன் ஓடிட்டேதான் இருக்கு. இதுக்கும் பேட்டரி வச்சா சரியாயிடுமா?

கீழக்கரை வயரிங்
புதன், காலை 6:20

சுபுஹு முடிஞ்சு போனைத் தொறந்தா இவ்வளவு ஓடியிருக்கு. ஒவ்வொண்ணா வர்றேன்.

மண்டபம் காக்கா, உங்களுது வேற நோவு. செல்வி வீட்ல கரண்ட் இல்லாம நிக்குது. உங்க வீட்ல வோல்ட் ஏறிப் போய் நிக்குது. திரையைப் பாருங்க, `OV-G-V`ன்னு ஏதாவது இருக்கும். 230-க்கு மேல பத்து சதவீதம், அதாவது 253 வோல்ட் தாண்டினா விலகிக்கணும். நடுமதியம் ஒரு மீட்டரை எடுத்து இன்வெர்ட்டர் முனையில ஒரு தடவை, ஈபி மீட்டர்கிட்ட ஒரு தடவை அளந்து பாருங்க. இன்வெர்ட்டர்ல 255, மீட்டர்கிட்ட 249ன்னு வந்தா குத்தம் உங்க வயர்ல. 2.5 வயரை 25 மீட்டர் இழுத்திருந்தாலே அஞ்சு வோல்ட் அதுல போயிடும். நம்ம உப்புக் காத்துல பச்சை பிடிச்ச முனை ஒண்ணு இருந்தா இன்னும் மோசம். ரெண்டு இடத்துலயும் 255ன்னா ஈபியில எழுதிக் கொடுங்க, வோல்ட் இறங்க டிரான்ஸ்ஃபார்மர்ல டேப் செட்டிங்கை மாத்த வேண்டியிருக்கும். பேட்டரி இதுக்கு மருந்து இல்லை.

இனி செல்வி தங்கச்சியோட கேள்வி. பாம்பன் தம்பி சொன்னதுல பாதி சரி. லைன்மேன் உயிர் ஒரு காரணம். ஆனா அந்த விதியே இல்லைன்னாலும் உங்க இன்வெர்ட்டரால தனியா நிக்க முடியாது.

கரைவலை இழுக்கறதைப் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பார். மத்தவங்க அந்தத் தாளத்துக்கு இழுப்பாங்க. உங்க சோலார் இன்வெர்ட்டர் இழுக்கிற ஆளு, பாட்டு எடுக்கிற ஆளு இல்லை. ஈபியோட 230 வோல்ட் 50 சைக்கிள் அலை எப்ப ஏறுது எப்ப இறங்குதுன்னு பார்த்து, அதே நேரத்துல தன் கரண்ட்டைத் தள்ளும். பாட்டு நின்னா அதுக்குத் தாளமே கிடையாது.

இன்னொண்ணு. ஊர்ல பத்து வீட்ல சோலார் இருந்தா, ஒண்ணை ஒண்ணு பார்த்து இதுதான் ஈபின்னு ஏமாந்து ஓடிடக் கூடாதுல்ல? அதனால ஒவ்வொரு இன்வெர்ட்டரும் சைக்கிளை அப்பப்ப லேசா ஒரு இழு இழுத்துப் பார்க்கும். கயித்துல ஊரே நிக்குதுன்னா நாம சுண்டினா அசையாது. கூட வந்து அசைஞ்சுதுன்னா, மறுமுனையில ஆள் இல்லைன்னு அர்த்தம். உடனே கையை விட்டுடும்.

மூணாவதுதான் நிறைய பேர் யோசிக்காதது. நடுப்பகல்ல உங்க பேனல் 2,400 வாட் கொடுக்குதுன்னு வைங்க. வீடு அந்த நேரத்துல 300 வாட்தான் எடுக்குது. மிச்சம் 2,100 எங்க போகும்? கரண்ட் இருக்கும்போது அது ஈபிக்குப் போகுது, ஊர் வாங்கிக்குது. ஈபி இல்லைன்னா போக இடமே இல்லை.

இப்ப தம்பியோட வீடியோவுக்கு வருவோம். அந்த 2,100 வாட் நேரா பழைய இன்வெர்ட்டர் வழியா பின்னால ஏறி 12 வோல்ட் பேட்டரிக்குள்ள போகும். கணக்கு போடுங்க, 160 ஆம்ப்புக்கு மேல. 150 ஏஹெச் பேட்டரிக்கு 15 ஆம்ப் சார்ஜ்தான் பதமானது. பத்து மடங்கு! இன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற மாஸ்ஃபெட் முதல்ல வெடிச்சா உங்க நல்ல காலம். அது தாங்கிச்சுன்னா பேட்டரி கொதிச்சு ஹைட்ரஜன் விடும். காலையில ஏழு மணிக்கு வெயில் கம்மியா இருக்கும்போது பார்த்தா ஜோரா ஓடும். வீடியோவும் அப்பத்தான் எடுத்திருப்பாங்க.

பாம்பன் காத்து
புதன், காலை 7:10

சரி காக்கா. ஆனா வெளிநாட்ல பேட்டரி இன்வெர்ட்டரையும் கிரிட் சோலாரையும் சேர்த்துத்தானே போடறாங்க? அப்ப அது மட்டும் எப்படி?

கீழக்கரை வயரிங்
புதன், காலை 7:30

நல்ல கேள்வி. நான் துபாய்ல அஞ்சு வருஷம் அதைத்தான் மாட்டிட்டு இருந்தேன். அங்க வைக்கிறது ரெண்டு பக்கமும் கரண்ட் போய் வர்ற மாதிரி செஞ்ச இன்வெர்ட்டர். பேட்டரி நிறைஞ்சதும் அது சைக்கிளை 50-ல இருந்து 51, 52ன்னு தானே ஏத்தும். அதைப் பார்த்து சோலார் தன் உற்பத்தியைக் குறைச்சுக்கும். பேட்டரி இன்வெர்ட்டரோட அளவு சோலார் அளவுக்குக் குறையாம இருக்கணும்னும் கணக்கு உண்டு. உங்க 900 விஏ பெட்டிக்கு இதுல ஒண்ணும் தெரியாது.

தொண்டி ஹேச்சரி
புதன், காலை 11:00

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க இறால் குஞ்சு பொரிப்பகத்துல 20 கிலோவாட் சோலார், 40 கேவிஏ ஜெனரேட்டர். காத்து ஊதற மோட்டார் பத்து நிமிஷம் நின்னா குஞ்சு செத்துரும், அதனால ஜெனரேட்டர் தானா ஸ்டார்ட் ஆகும். போன கோடையில ஒரு நாள் ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரும் கூடச் சேர்ந்து ஓடுச்சு. டீசல் மிச்சம்னு சந்தோஷப்பட்டோம். பத்து நிமிஷத்துல ஜெனரேட்டர் சத்தமே மாறிச்சு, வோல்ட் 270 போச்சு, கன்ட்ரோல் போர்டு ஒண்ணு போயிடுச்சு. சோலார்ல பிரச்சனையா, ஜெனரேட்டர்லயா?

ஓய்வுபெற்ற லைன்மேன்
புதன், பகல் 12:30

ரெண்டுலயும் இல்லை சார். ஈபியா ஜெனரேட்டரான்னு மாத்துற சேஞ்ச் ஓவர் இருக்கிற இடத்துல. சோலார் கேபிளை சேஞ்ச் ஓவருக்கு அப்புறம், லோடு பக்கத்துல முடிஞ்சிருப்பாங்க. அதனால ஜெனரேட்டரை ஈபின்னு நினைச்சு அது சேர்ந்துக்குது.

கீழக்கரை வயரிங்
புதன், பகல் 1:15

ஐயா சொன்னதுதான். லோடு 10 கிலோவாட், சோலார் 14 தள்ளுதுன்னா மிச்சம் 4 ஜெனரேட்டருக்குள்ளேயே போகும். அதுக்குத் திருப்பி வாங்கத் தெரியாது. சோலாரை ஈபி பக்கத்துக்கு மாத்திட்டா ஈபி இல்லாதப்ப அது தூங்கும், சிக்கல் தீர்ந்துச்சு. டீசலும் மிச்சம் ஆகணும்னா, ஜெனரேட்டர் எப்பவும் குறைஞ்சது முப்பது சதவீத லோடு சுமக்கிற மாதிரி சோலாரை அடக்கிப் பிடிக்கிற கன்ட்ரோலர் தனியா வைக்கணும். உங்க அளவுக்கு அது கட்டுமான்னு பார்த்துக்குங்க. இதைத் தனி இழையாப் போட்டா நல்லது, செல்வி கேட்டது மறைஞ்சு போயிடும்.

தேவிபட்டினம் வடக்குத்தெரு
புதன், இரவு 8:00

என் வீட்டுல ஆரம்பத்திலேயே ஹைபிரிட் இன்வெர்ட்டர், 5 யூனிட் லித்தியம் பேட்டரி. பாட்டு எடுக்கவும் தெரியும், சேர்ந்து இழுக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போனால் ஈபியிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, பின்புறம் உள்ள தனி அவுட்புட் வழியாக வீட்டின் பாதியை ஓட்டும். பகலில் போனால் பேனலும் சேர்ந்தே ஓடும். மின்விளக்கு சிமிட்டக்கூட இல்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஈபி இல்லாத நேரத்தில் வாஷிங் மெஷினைத் தொட்டால் கை சுறுசுறுத்தது. கரண்ட் கசிந்தால் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபி விழவில்லை. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் டக்கென்று விழுகிறது. மாட்டியவர் "பார்த்தீங்களா, நல்லாத்தானே இருக்கு" என்று போய்விட்டார். வேறு ஒருவர் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தார், 110 வோல்ட்!

கீழக்கரை வயரிங்
புதன், இரவு 9:10

இதை எல்லாரும் நிதானமா படிங்க. ஹைபிரிட் வச்சிருக்கிற பத்துல நாலு வீட்ல இதைப் பார்க்கிறேன்.

ஈபி இருக்கும்போது நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட மண்ணோட கட்டியிருக்கும். கரண்ட் போனதும் ஹைபிரிட் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் அறுத்துக்கும். அப்ப வீட்டு நியூட்ரல் எதோடயும் கட்டாம மிதக்கும். மெஷின் பாடியில கரண்ட் கசிஞ்சாலும் மண்ணு வழியா திரும்பிப் போக வழி இல்லை. வழி இல்லைன்னா ஆர்சிசிபிக்கு வித்தியாசமே தெரியாது. டெஸ்ட் பட்டனை நம்பாதீங்க. அது பெட்டிக்குள்ளேயே ஃபேஸ்ல இருந்து நியூட்ரலுக்கு ஒரு சின்ன கசிவை உண்டாக்குது. எர்த்தை அது தொடறதே இல்லை.

ஈபியை நிறுத்திட்டு, பேக்கப்ல ஓடும்போது நியூட்ரல் - எர்த் அளக்கணும். ஒண்ணு ரெண்டு வோல்ட் வந்தா நல்லது. நூறுக்குப் பக்கத்துல வந்தா மிதக்குது. நிறைய இன்வெர்ட்டர்ல பேக்கப் நேரத்துல மட்டும் நியூட்ரலை எர்த்தோட சேர்க்கிற ரிலே உள்ளேயே இருக்கும், செட்டிங்கில போட்டுவிட்டா போதும். இல்லைன்னா வெளியில கான்டாக்டர் வச்சுச் செய்யணும். சோம்பேறித்தனமா நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு வயர் போட்டு நிரந்தரமா கட்டிடாதீங்க. ஈபி இருக்கும்போது அதுவே ஆர்சிசிபியைத் தட்டி விட்டுட்டே இருக்கும்.

உச்சிப்புளி செல்வி
வியாழன், காலை 10:20

பயமா இருக்கு, ஆனா புரியுது. நானும் ஹைபிரிட்டுக்கு மாத்திடலாமா?

தேவிபட்டினம் வடக்குத்தெரு
வியாழன், காலை 10:45

மாற்றலாம். நான் விண்ணப்பத்திலேயே ஹைபிரிட் என்று போட்டேன், கேள்வி வரவில்லை. மானியம் சோலாருக்கு மட்டும்தான் கிடைத்தது. பேட்டரி என் சொந்தக் காசு.

மண்டபம் முகாம்
வியாழன், காலை 11:30

இன்வெர்ட்டரை நடுவுல மாத்தினா மறுபடி விண்ணப்பம், மறுபடி ஆய்வுன்னு எங்க பக்கத்து செக்‌ஷன்ல சொன்னாங்க. பெரிசா ஒண்ணும் கிடையாது, ஒரு கடிதம் போதும்னு இன்னொருத்தர் சொல்றார். எது நிஜம்னு தெரியல.

(நேத்து மதியம் அளந்தேன் காக்கா. இன்வெர்ட்டர்ல 256, மீட்டர்ல 250. வயரை மாத்தப் போறேன்.)

கீழக்கரை வயரிங்
வியாழன், மாலை 5:00

எழுதிக் கொடுக்காம மட்டும் மாத்தாதீங்க. மத்தது அந்தந்த செக்‌ஷனைப் பொறுத்தது.

ஆனா செல்வி, உனக்கு இப்ப ஹைபிரிட் வேணாம்னு சொல்லுவேன். மூணு கிலோவாட்டுக்கு 78,000 மானியம் வாங்கிப் போட்டு, ஒழுங்கா ஓடுற ஒண்ணை எதுக்குக் கலைக்கணும்? உன் ஸ்டோர் ரூம்லயே பாதி விடை கிடக்குது. கணக்கைப் பாரு.

ராத்திரி எட்டு மணி நேரம் கரண்ட் இல்லைன்னு வைப்போம். இருநூறு லிட்டர் ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடறதால சராசரி 50 வாட், எட்டு மணிக்கு 400 வாட் அவர். பழைய ஃபேன் ஒண்ணு 75 வாட், ரெண்டுக்கு 1,200. நாலு லைட்டும் நாலு மணி நேரம் எரிஞ்சா 144. வைஃபைக்கு 80. கூட்டினா 1,824.

பேட்டரி மேல 12 வோல்ட் 150 ஏஹெச்னு இருக்கு, பெருக்கினா 1,800. அது பேப்பர்ல. முழுசா உறிஞ்சினா ரெண்டு வருஷத்துல பேட்டரி செத்துரும். இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு ஆயிரம் வந்தா சந்தோஷம். அப்ப ஃபேனை மாத்து. பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான். 1,200 இருந்த இடத்துல 480 ஆச்சு, மொத்தம் 1,104. கடைசி முக்கால் மணி நேரம் தடுமாறும், அவ்வளவுதான். ரெண்டு ஃபேன் வாங்குற காசுல இன்னொரு பேட்டரி வாங்க முடியாது, அதனால ஃபேனை முதல்ல மாத்தச் சொல்றேன்.

மோட்டாரை மறந்துடு. ஒரு ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுக்கிறதைவிட அஞ்சாறு மடங்கு இழுக்கும். 900 விஏ அந்த நொடியே கீ கீன்னு கத்திட்டு விழுந்துடும். ஷட்டவுன்னு முதல் நாள் சொல்லிடுறாங்கல்ல, காலையில எட்டு மணிக்கு மேல்தொட்டியை நிரப்பி வச்சுக்க. மேல்தொட்டியும் ஒரு பேட்டரிதான்.

பழைய பேட்டரி எத்தனை மாசமா சும்மா கிடக்கு? வோல்ட் பார்த்துச் சொல்லு.

உச்சிப்புளி செல்வி
வியாழன், இரவு 7:15

பத்து மாசம். 11.2 காட்டுது.

கீழக்கரை வயரிங்
வியாழன், இரவு 7:40

ம்ம். டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, ரெண்டு நாள் சார்ஜ்ல விட்டுப் பாரு. அப்புறம் லோடு போட்டதும் ஒரு மணி நேரத்துல விழுந்துச்சுன்னா அது போச்சு. கழட்டி வச்சவங்க மேல கோபம் வருது, ஆனா யார்னு கேக்க மாட்டேன்.

அடுத்தது பகல் கதை. பழைய இன்வெர்ட்டர் ஈபி இருக்கும்போது சார்ஜ் ஏத்திக்கும். கரண்ட் போன அந்த ஏழு மணி நேரமும் மாடியில ஆறு பேனலும் சும்மாதான் கிடக்கும், அது மாறாது. அதுல ஒண்ணைக் கழட்டி இதுக்குப் போடலாமேன்னு தோணும். தொடாதே. அது சீரியல் நம்பரோட பதிவான பிளான்ட். புதுசா ஒரே ஒரு பேனல், ஈபியோட எந்தத் தொடர்பும் இல்லாம, பேனலோட வோல்ட்டை இறக்கி ஆம்ப்பை ஏத்திக் கொடுக்கிற எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் வழியா நேரா அந்தப் பேட்டரிக்குக் கொடு. 540 வாட்னு எழுதியிருந்தாலும் நம்ம வெயில் சூட்டுல நானூறு கிடைச்சாப் போதும். உன் லோடு பகல்ல சராசரி 150 வாட்தான். மிச்சம் பேட்டரிக்கு. கன்ட்ரோலர்ல சார்ஜ் கரண்ட்டை 20 ஆம்ப்போட நிறுத்தி வை.

பாம்பன் காத்து
வியாழன், இரவு 8:05

என்கிட்ட 700 ரூபாய்க்கு வாங்கின கன்ட்ரோலர் ஒண்ணு இருக்கு, 30 ஆம்ப், பிடபிள்யூஎம். அதையே போடலாமே? அக்கா வேணும்னா எடுத்துக்கட்டும்.

கீழக்கரை வயரிங்
வியாழன், இரவு 8:30

உன் மனசுக்கு நன்றி தம்பி. ஆனா அது பேனலை நேரா பேட்டரியோட கட்டுற மாதிரிதான். இந்தப் பேனல் 41 வோல்ட்ல 13 ஆம்ப் கொடுக்குது. பிடபிள்யூஎம் அந்த 13 ஆம்ப்பை அப்படியே பேட்டரியோட 13 வோல்ட்ல கொடுக்கும். 170 வாட்! மூணுல ரெண்டு பங்கு காத்துல போச்சு. பெட்டியில தாங்குற வோல்ட் எவ்வளவுன்னு போட்டிருக்கு? 25ன்னு இருந்தா செருகின உடனே புகை வரும், 50ன்னு இருந்தா விளிம்புல நிக்கும். லோடு இல்லாம இந்தப் பேனல் 49, 50 வோல்ட் நிக்கும். நூறு வோல்ட் தாங்குற எம்பிபிடி வாங்கணும்.

பாம்பன் காத்து
வியாழன், இரவு 8:41

50ன்னு இருக்கு. சரி விடுங்க, அதை என் வள்ளத்து லைட்டுக்குப் போட்டுக்கிறேன்.

ஓய்வுபெற்ற லைன்மேன்
வியாழன், இரவு 9:20

பேனலை மட்டும் நம்பியும் இருக்காதீங்கம்மா. 2020 டிசம்பர்ல புரெவி புயல் மன்னார் வளைகுடாவுலயே நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? வெயில் முகத்தையே பார்க்கல. அந்த மாதிரி நாள்ல பேனல் பத்துல ஒரு பங்கு கொடுத்தாலே பெருசு. புயல் எச்சரிக்கைன்னதும் பேட்டரியை நிரப்பி வச்சுட்டு, ஃபேனை மறந்துட்டு, ஃபிரிட்ஜுக்கும் ஒரு லைட்டுக்கும் மட்டும் செலவு பண்ணுங்க. ஃபிரிட்ஜைத் திறக்காம இருந்தா அதுவே பாதி மிச்சம்.

உச்சிப்புளி செல்வி
அடுத்த ஞாயிறு, பகல் 12:10

நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனா ஒரு சிக்கலோட வந்திருக்கேன்.

பேட்டரி ரெண்டு நாள் சார்ஜ்ல 12.7-க்கு வந்து நிக்குது. ரெண்டு பிஎல்டிசி ஃபேன் வாங்கியாச்சு. எலக்ட்ரீசியன் ஃபிரிட்ஜ் பாயின்ட், ஹால், மாடி பெட்ரூம் மூணையும் பழைய இன்வெர்ட்டருக்கு மாத்திக் கொடுத்தார். மெயினை ஆஃப் பண்ணிப் பார்த்தோம், ஃபிரிட்ஜ் ஓடுது, ஹால் ஃபேன் ஓடுது. மாமியார் கை தட்டினாங்க. மெயினைப் போட்டதுக்கு அப்புறம் மாடி பெட்ரூம் ஃபேனைப் போட்டா மட்டும் மாடி ஆர்சிசிபி டக்குன்னு விழுது. கீழ எல்லாம் ஒழுங்கா இருக்கு. புது ஃபேன் கெட்டுப் போச்சுன்னு எலக்ட்ரீசியன் சொல்றார்.

கீழக்கரை வயரிங்
ஞாயிறு, பகல் 1:40

ஃபேன் நல்லாத்தான் இருக்கும், கடைக்குத் தூக்கிட்டுப் போயிடாதே. உங்க வீட்ல மாடிக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஆர்சிசிபி இருக்குல்ல? அவர் மாடி பெட்ரூமோட ஃபேஸை மட்டும் இன்வெர்ட்டருக்கு எடுத்துட்டு, நியூட்ரலை மாடி ஆர்சிசிபி பக்கத்துலயே விட்டிருப்பார். இன்வெர்ட்டர் கீழ்த்தளத்துல இருந்து சப்ளை எடுக்குது. போகிற கரண்ட் கீழ் வழியாப் போய், திரும்புறது மாடி வழியா வருது. ரெண்டு ஆர்சிசிபிக்குமே இது அசல் கசிவு மாதிரியே தெரியும், முந்திக்கிட்டு விழறது மாடியோடது. 30 மில்லி ஆம்ப்புக்கே அது விழும், உன் 30 வாட் ஃபேன் 130 மில்லி ஆம்ப் எடுக்குது.

அந்த ரூம் நியூட்ரலைத் தேடிப் பிடிச்சு, இன்வெர்ட்டர் நியூட்ரலோட சேர்க்கச் சொல்லு. தொந்தரவு தாங்காம ஆர்சிசிபியைக் கழட்டிடலாம்னு சொன்னார்னா, ஆளை மாத்து.

உச்சிப்புளி செல்வி
ஞாயிறு, மாலை 6:30

நீங்க சொன்னதேதான்! மூணு மணி நேரம் தேடினார். மாடிப்படி லைட்டோட நியூட்ரலும் பெட்ரூம் நியூட்ரலும் சீலிங்ல ஒரே ஜங்ஷன் பெட்டிக்குள்ள முறுக்கியிருந்துச்சு. பிரிச்சு மாத்தினதும் விழல. மாடிப்படி லைட் இப்ப எரியல, அது நாளைக்கு.

ஒரே பேனல், எம்பிபிடி அடுத்த மாசம் சம்பளம் வந்ததும். அதோட எர்த்தை இருக்கிற சோலார் எர்த் குழியிலேயே சேர்க்கலாமா, தனிக் குழி வேணுமா?

கீழக்கரை வயரிங்
ஞாயிறு, இரவு 9:00

பேனல் ஃபிரேம் எர்த்தை அதுலயே சேர்க்கலாம்னு நான் செய்வேன். லைன்மேன் ஐயா தனிக் குழிம்பார்.

ஓய்வுபெற்ற லைன்மேன்
ஞாயிறு, இரவு 9:25

தனிக் குழிதான். உச்சிப்புளி மணல்ல கோடையில குழி எவ்வளவு காயும்னு நீங்க பார்த்ததில்லை. இருக்கிற குழியை முதல்ல அளந்து பாருங்க, அப்புறம் சண்டை போடுவோம்.